நூறு சதவீதம் என்று திரை சொல்கிறது

கோத்தகிரியில் ஜனவரி மாதத்து விடிகாலை, ஐந்தே முக்கால் மணி. தேயிலைத் தோட்டத்து மண் சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே 8 டிகிரி என்று காரின் டாஷ்போர்டு காட்டியது. என் மடியில் கம்பளித் துண்டுக்குள் மூன்று ட்ரோன் பேட்டரிகள், அடைக்கு வைத்த முட்டைகள் மாதிரி. பின்னால் நின்ற வேனில் மாப்பிள்ளையும் பெண்ணும் நடுங்கிக்கொண்டே மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய அவுட்டோர் ஷூட். சூரியன் எதிர் மலைக்கு மேலே வந்து பள்ளத்தாக்குப் பனி கலைவதற்குள் கிடைக்கும் இருபது நிமிஷத்துக்காகத்தான் இத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தோம்.

உதவிக்கு வந்த தம்பி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ரிமோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, பேட்டரி மூணும் நூறு காட்டுது. கார்டு காலியா இருக்கு. மேப்பும் பச்சை. ஹெலிகேமைக் கெளப்பிடலாமா?"

"பத்து நிமிஷம் பொறுடா" என்றேன்.

அவன் சொன்ன மூன்றிலும் பொய் இல்லை. திரையில் இருந்ததைத்தான் படித்தான். ஆனால் நூறு, காலி, பச்சை என்ற மூன்று சொற்களும் எப்படிக் கணக்கிடப்பட்டு அந்தத் திரைக்கு வருகின்றன என்று தெரிந்துகொண்ட பிறகுதான், பறப்பதற்கு முன் நான் சரிபார்க்கும் பட்டியலே மாறியது. சட்டைப்பையில் வைத்திருக்கும் அந்த லேமினேட் அட்டையில் முதலில் இருபத்திரண்டு வரி இருந்தது. இப்போது ஒன்பதுதான். அதில் பாதி பேட்டரிக்கு.

பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று நேராக அளக்க வழி கிடையாது. பெட்ரோல் டேங்கில் மிதவை இருக்கிறதே, அப்படி எதுவும் இதற்குள் இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு குட்டிச் சிப், சார்ஜ் ஏறும்போது உள்ளே போன மின்னோட்டத்தையும் பறக்கும்போது வெளியே வந்ததையும் மளிகைக் கடைப் பற்றுவரவு நோட்டு மாதிரி கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. கூடவே மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்துக்கொள்கிறது. இதையெல்லாம் வைத்து அது போடும் மதிப்பீடுதான் திரையில் வரும் சதவீதம். நோட்டுக் கணக்கு சரியாகவே இருக்கலாம். சரக்கு கிடங்கில்தான் இருக்கிறது, ஆனால் கிடங்கின் கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தால் என்ன செய்வது? குளிரில் நடப்பது அதுதான்.

லித்தியம் பேட்டரியில் மின்சாரம் வருவதென்றால், ஒரு தகட்டின் கரிம அடுக்குகளுக்குள் செருகிக்கொண்டிருக்கும் லித்தியம் அயனிகள் அங்கிருந்து கிளம்பி, நடுவே இருக்கும் திரவத்தை நீந்திக் கடந்து, எதிர்த் தகட்டுக்குள் போய் உட்கார வேண்டும். குளிரக் குளிர அந்தத் திரவம் கெட்டியாகிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அயனிகள் நீந்தும் வேகம் குறைகிறது, தகட்டுக்குள் நுழையும் வேகமும் குறைகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பேட்டரியின் உள் மின்தடை ஏறிவிட்டது என்று தெரியும். இருப்பு அப்படியே இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் வீரியம் புரியும். என் ட்ரோன் பேட்டரியில் நான்கு செல்கள், மொத்தம் 77 வாட் மணி ஆற்றல். காற்றில்லாத இடத்தில், கடல் மட்டத்தில், ஒரே இடத்தில் நின்றால் 40 நிமிடம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், நிற்பதற்கு மட்டுமே சுமார் 115 வாட் வேண்டும். வீட்டில் ஓடுகிற பழைய சீலிங் ஃபேனைவிட அதிகம். 15 வோல்ட் சொச்சத்தில் அது ஏழரை ஆம்பியர் மின்னோட்டம். கதகதப்பான பேட்டரியின் உள் மின்தடை 0.06 ஓம் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், உள்ளேயே தொலைகிற அழுத்தம் அரை வோல்ட்டுக்கும் கீழே. நான்கு செல்லுக்கும் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.11 வோல்ட். பொருட்படுத்த வேண்டியதில்லை. குளிரில் மின்தடை மூன்று மடங்காகட்டும். எதிர்காற்றில் வேகமாகத் திரும்பி வரும்போது மின்னோட்டமும் இரண்டு மடங்காகி 15 ஆம்பியர் ஆகட்டும். இப்போது தொலைவது 2.7 வோல்ட், செல்லுக்கு ஏறத்தாழ 0.7. பாதி தீர்ந்த செல் ஓய்வாக இருக்கும்போது 3.8 வோல்ட் காட்டும். அதில் 0.7 போனால் 3.1. அந்த எண் ட்ரோனுக்கு மரண வாசல். இனிமேல் மோட்டார்கள் நின்றுவிடும் என்று பயந்து, நாம் என்ன சொன்னாலும் கேட்காமல், கீழே இருப்பது பாறையா பள்ளமா என்று பார்க்காமல் இறங்கத் தொடங்கிவிடும். திரையில் சதவீதம் 45 என்றே இருக்கும்.

எனக்கு இது ஒருமுறை நடந்திருக்கிறது. அன்றும் நீலகிரிதான், பேட்டரி இரவு முழுக்கக் காரின் டிக்கியில் கிடந்தது. எடுத்த எடுப்பில் குச்சியை முழுசாகத் தள்ளி உயரே ஏற்றினேன். தேயிலைச் செடிகளின் மேல் இறங்கியதால் இரண்டு இறக்கைகளோடு போனது. நல்ல வேளையாகப் பக்கத்தில் ஓடையோ லாரியோ இல்லை.

மலையில் இன்னொரு சுமையும் சேர்ந்துகொள்கிறது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. இறக்கைகள் அடித்துத் தள்ளக் காற்று குறைவாக இருப்பதால் வேகமாகச் சுழல வேண்டும். ஒரே இடத்தில் நிற்கும் செலவே ஒன்பது, பத்து சதவீதம் கூடிவிடும். அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் அரை மணி நேரம் பறந்த பேட்டரியை நம்பி மேலே அரை மணி நேர ஷாட்டுக்குத் திட்டம் போடக் கூடாது. நான் இங்கே ஒரு பேட்டரிக்குப் பதினெட்டு நிமிஷம் என்று வைத்துக்கொள்கிறேன். 40 சதவீதத்தில் திரும்பிவிடுவேன்.

மடியில் வைத்து அடைகாத்ததன் காரணம் இதுதான். பேட்டரி 20 டிகிரிக்கு மேல் வந்த பிறகே கிளப்புவேன். அதன் வெப்பம் ஆப்பிலேயே தெரியும், தொட்டுப் பார்த்து ஊகிக்க வேண்டாம். கிளப்பிய பிறகும் தலை உயரத்தில் ஒரு நிமிஷம் சும்மா நிறுத்தி வைப்பேன். அந்த ஒரு நிமிஷத்தில் பேட்டரி சூடாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சூடாகத்தான் செய்யும், அதுவும் வேடிக்கையான விதத்தில். அழுத்தத்தைத் தின்கிற அதே உள் மின்தடைதான் அடுப்பாகவும் வேலை செய்கிறது. மேலே சொன்ன குளிர்ந்த பேட்டரியில் அது சுமார் 10 வாட். முன்னூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள பேட்டரியை 10 வாட் அடுப்பில் வைத்தால் நிமிஷத்துக்கு இரண்டு டிகிரிகூட ஏறாது. ஆகவே சூடாக்க மடியே மேல். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பயன்படுவது வேறு ஒன்றுக்கு: சுமை ஏறிய நிலையில் நான்கு செல்களின் வோல்ட்டையும் தனித்தனியே பார்ப்பதற்கு. தரையில் சும்மா கிடக்கும்போது நல்ல செல்லும் கெட்ட செல்லும் ஒரே எண்ணைக் காட்டும். சுமை விழுந்ததும் கெட்டது மட்டும் அமுங்கும். மூன்று செல்கள் 4.05 காட்டி, ஒன்று 3.93 என்று நின்றால் அந்தப் பேட்டரியை நான் அன்று பறக்க விடுவதில்லை. நான்கும் வரிசையாகக் கோத்தவை. ஒன்று படுத்தால் நான்கும் படுக்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் விட்டுவிடக் கூடாதவை. போன வாரம் முழுசாகச் சார்ஜ் ஏற்றியது இந்த வாரமும் முழுசாக இருக்காது. முழு அழுத்தத்தில் சும்மா கிடந்தால் செல் கெட்டுவிடும் என்பதால், இந்த வகைப் பேட்டரிகள் சில நாள் கழித்துத் தாமாகவே மெல்லத் தம் மின்சாரத்தை வடித்துக்கொள்கின்றன. ஷூட்டுக்கு முந்தின இரவு மறுபடி ஏற்ற வேண்டும். அடுத்தது உப்பல். உள்ளே திரவம் சிதைந்து வாயு சேர்ந்தால் பேட்டரி வயிறு வீங்கும். தட்டையான கண்ணாடி மேசையில் வைத்து ஒரு மூலையில் விரலால் சுண்டினால், நல்ல பேட்டரி அசையாது, உப்பியது பம்பரம் மாதிரி சுற்றும். கடைசியாக, செருகும்போது இரண்டு பக்கமும் 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினாலும் ட்ரோன் உயிர்பெற்றுவிடும், பறக்கவும் செய்யும். நடுவானில் அதிர்ந்து கழன்றால் திரை எதையும் எச்சரிக்காது, எச்சரிக்கை அனுப்புவதற்கே அங்கே மின்சாரம் இருக்காது.

பேட்டரி மடியில் சூடாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் கார்டைப் பார்ப்பது வழக்கம். தம்பி 'காலி' என்றானே, எப்படிக் காலி செய்தான் என்று கேட்டேன். லேப்டாப்பில் போட்டு, பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாக அழித்திருக்கிறான்.

மெமரி கார்டுக்குள் நடப்பதை முதன்முதலில் படித்தபோது நான் அந்தக் கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஏதாவது தெரியுமா என்று. சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புத் தகடு. அதற்குள் கோடிக்கணக்கான மிகச் சிறிய அறைகள். ஒவ்வொரு அறையும் நாலாபுறமும் மின்சாரம் கடத்தாத சுவரால் அடைத்தது. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. எழுதும்போது பலமான அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அந்தச் சுவரை உடைக்காமல், ஏறிக் குதிக்காமல், ஊடுருவி உள்ளே போய்விடுகின்றன. குவாண்டம் இயற்பியலில் மட்டுமே நடக்கக்கூடிய காரியம் அது. அழுத்தத்தை எடுத்ததும் வெளியே வர வழியில்லாமல் வருடக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. மணப்பெண்ணின் சிரிப்பு என்று நாம் நினைப்பது அங்கே எந்த அறையில் எவ்வளவு எலெக்ட்ரான் சிக்கியிருக்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான்.

இதில் ஒரு வசதிக்குறைவு உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக எழுதலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்க முடியாது. பெரிய தொகுதி ஒன்றை மொத்தமாகத்தான் காலி செய்ய முடியும். இந்த நினைவகத்தை 1980-களில் தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கியவர் ஃபூஜியோ மசுவோகா. ஒரு தொகுதி முழுவதும் ஒரே வீச்சில் அழிவதைப் பார்த்த அவருடைய சக ஊழியர் ஷோஜி அரீஸூமிக்குக் கேமராவின் ஃபிளாஷ் நினைவுக்கு வந்ததாம். 'ஃபிளாஷ் மெமரி' என்ற பெயர் அப்படி வந்தது. புகைப்படக்காரர்களுக்கு அந்தப் பெயரில் ஓர் உரிமை இருக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு சின்னப் பெருமை.

ஃபைல் ஃபைலாக அழித்த கார்டில் சிக்கல் இங்கேதான் வருகிறது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று காலியிடம் சிதறிக் கிடக்கும். புதிதாக எழுத வரும்போது, ஒரு தொகுதியில் பாதி வேண்டியது, பாதி வேண்டாதது என்றால், வேண்டியதை வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, பிறகு எழுத வேண்டும். வீடியோ காத்திருக்காது. எழுத முடியாமல் தேங்குகிற தரவு ட்ரோனின் தற்காலிக நினைவில் குவியும், அது நிரம்பியதும் பதிவு தானே நின்றுவிடும். அதனால் பழையதை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்த பின், கார்டை ட்ரோனுக்குள் போட்டு ட்ரோனிலேயே ஃபார்மேட் செய்ய வேண்டும். அப்போது தொடர்ச்சியான வெற்றிடம் கிடைக்கும். ட்ரோன் எதிர்பார்க்கிற கோப்பு அமைப்பும் வந்துவிடும்.

கார்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் 170 MB/s என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம், அதுவும் எந்த நேரத்திலும் இதற்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம். அதைச் சொல்வது ஓரத்தில் பொடியாக அச்சிட்டிருக்கும் V30 என்ற குறி. நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் என்று பொருள். ட்ரோனின் வீடியோ வேகம் மெகாபிட்டில் சொல்லப்படும், கார்டின் வேகம் மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நொடிக்கு 150 மெகாபிட்டில் பதிவாகும் வீடியோவுக்கு 18.75 மெகாபைட் போதும். V30 தாராளமாகத் தாங்கும். அதே கணக்கைக் கொள்ளளவுக்கும் போடலாம். 64 ஜிபி கார்டு என்றால் சுமார் 57 நிமிஷம். மூன்று பேட்டரிக்குப் பதினெட்டு பதினெட்டாக 54 நிமிஷம். அதாவது சரியாக விளிம்பில். ஆகவே 64 ஜிபி கார்டு இரண்டு. ஒரே 128 ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பள்ளத்தாக்கில் ட்ரோன் தொலைந்தால் அதோடு சேர்ந்து தொலைவது பாதிப் படமாக இருக்கட்டும்.

மலிவாகக் கிடைக்கும் போலிக் கார்டு பற்றி ஒரு வார்த்தை. உள்ளே 16 ஜிபிதான் இருக்கும், ஆனால் 128 என்று சொல்லும்படி அதன் சிப்பில் பொய்யை எழுதியிருப்பார்கள். 16 வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், அதற்கு மேல் எழுதுவது காற்றோடு போகும். திரை கடைசி வரை இடமிருக்கிறது என்றே காட்டும். கண்டுபிடிக்க நம்பகமான வழி, கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பது. காலிக் கார்டை லினக்ஸ் கணினியில் போட்டு, அது இணைந்திருக்கும் இடத்தைக் கொடுத்தால் போதும்:

```
f3write /media/card
f3read /media/card
```

விண்டோஸில் இதே வேலையை H2testw செய்கிறது. புதுக் கார்டு வாங்கிய அன்றே, மணிக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை என்று, இதை ஓட்டிவிடுகிறேன்.

கார்டு விஷயத்தில் எனக்கு வலித்த பாடம் வேறு. இறங்கிய அவசரத்தில், பதிவை நிறுத்தாமலே பேட்டரியைப் பிடுங்கிவிட்டேன். பன்னிரண்டு நிமிஷ வீடியோ, ஜிபி கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கார்டில் உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. எம்பி4 ஃபைலில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டப்படும். எந்தப் படம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பொருளடக்க அட்டவணை, நிறுத்து பொத்தானை அழுத்திய பிறகுதான் ஃபைலில் எழுதப்படும். அட்டவணை இல்லாத ஃபைல், பக்க எண்ணே இல்லாமல் உருவிப்போட்ட பத்தாயிரம் பக்கம். படம் அழியவில்லை, வழிதான் அழிந்தது. இப்படி ஆனால் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதக் கூடாது. அதே கார்டை அதே ட்ரோனில் போட்டு ஆன் செய்து சில நிமிஷம் விட்டால், பல ட்ரோன்கள் அரைகுறை ஃபைலைக் கண்டுபிடித்துத் தாமே அட்டவணையைக் கட்டிவிடும். என்னுடையது கட்டியது. அன்றிலிருந்து அட்டையில் ஒரு வரி: 'சிவப்புப் புள்ளி அணைந்ததா? பிறகு பேட்டரி.'

மூன்றாவது, பச்சை.

அனுமதி வேலை மலைக்கு வந்த பிறகு தொடங்குவது இல்லை, ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். இந்தியாவில் இப்போதிருக்கும் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்தவை. அவை முதலில் கேட்பது எடையை. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. எடை என்றால் பேட்டரி, கார்டு, லென்ஸின் மேல் மாட்டுகிற ஃபில்டர் எல்லாம் சேர்த்து. 249 கிராம் என்று பெட்டியில் போட்ட ட்ரோனில் பெரிய பேட்டரியைச் செருகினால் அது அந்த நொடியே மைக்ரோ. என்னுடையது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் மைக்ரோதான். சம்பளத்துக்குப் பறக்கவிடுகிறேன், ஆகவே ட்ரோனுக்குத் தனி அடையாள எண்ணோடு எனக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். மைக்ரோவைப் பொழுதுபோக்குக்காக மட்டும் பறக்கவிடுகிறவருக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. கல்யாண ஷூட் எந்தக் கணக்கிலும் பொழுதுபோக்கு ஆகாது, நண்பன் கல்யாணம் என்றாலும் பணம் கைமாறினால் தொழில்தான்.

பிறகு வரைபடம். பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை பறக்கத் தனி அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த உயரம் 60 மீட்டர். 5 முதல் 8 வரை தரையிலிருந்தே மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. நீலகிரியில் விமான நிலையமே இல்லையே என்று தைரியமாக வருகிறவர்கள், வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரியும் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலையும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ரயிலில் வந்து குன்னூர்ப் பக்கம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்திலெல்லாம் கிளப்ப முடியாது.

வரைபடத்தில் ஒருமுறை பார்த்த பச்சை நிலையாக இருப்பதும் இல்லை. மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி அதைச் செய்வார். பெரிய மனிதர் யாராவது மலைக்கு வந்தால் போதும். வரைபடத்தை வாரத்தின் தொடக்கத்தில் ஒருமுறையும், கிளப்பும் நாள் காலையில் ஒருமுறையும் பார்ப்பது அதனால்தான். முந்தின நாள் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு போன். விதி இதைக் கேட்கவில்லை, நானாகச் செய்வது. நாளை எங்கே என்ன தடை என்று வரைபடத்துக்கு முன்னால் ஏட்டய்யாவுக்குத் தெரிந்திருக்கும்.

வானத்துக்கு அனுமதி இருப்பதால் நிலத்துக்கு அனுமதி வந்துவிடாது. தோட்டத்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிய கடிதம் காரில் இருந்தது. கோத்தகிரியை ஒட்டி லாங்வுட் சோலை என்ற காப்புக்காடு இருக்கிறது, அதன் பக்கம் ட்ரோனைத் திருப்புவதாக இருந்தால் வனத்துறையிடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை, ஆகவே அந்தத் திசை கிடையாது என்று மாப்பிள்ளையிடம் முன்பே சொல்லியாயிற்று. செடிகளுக்கு நடுவே காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தாலும் கிளப்புவதில்லை. நூறு கொசுக்கள் சேர்ந்தாற்போன்ற அந்த இரைச்சலுக்கு அவை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, கீழ்வரிசையில் கொழுந்து பறிக்க ஆட்கள் வந்துவிட்டிருப்பார்கள்.

மலையில் எல்லோரும் சறுக்குவது உயரத்தில். ட்ரோன் தன் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் முக்கியமாக அறிகிறது. கிளம்பிய இடத்தின் அழுத்தத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு, மேலே போகப் போக அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறது. ஆகவே திரையில் வரும் 50 மீட்டர், கிளம்பிய இடத்திலிருந்து 50. கீழே இருக்கும் தரையிலிருந்து எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. எங்கள் சாலையிலிருந்து முன்னூறு மீட்டர் தள்ளிப் போனால் சரிவு 150 மீட்டர் இறங்கிவிடுகிறது. சாலையிலிருந்து வெறும் 30 மீட்டர் ஏற்றி, அப்படியே நேராகப் பள்ளத்தாக்கின் மேலே போனால் தரையிலிருந்து 180. திரையில் 30, வரைபடத்தில் பச்சை, சட்டப்படி மஞ்சள். அதனால் தம்பியிடம் தோட்டத்து வரைபடத்தில் சரிவு 60 மீட்டர் இறங்கும் இடத்தைக் காட்டி, "இதைத் தாண்டிப் போறதில்லை, இங்க திரையில அறுபதுக்கு மேல ஏத்துறதுமில்லை" என்று சொல்லி வைத்தேன்.

இதே கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. சிக்னல் அறுந்தால் ட்ரோன், முன்பே சொல்லிவைத்த உயரத்துக்கு ஏறிவிட்டுக் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும். சாலைக்குப் பின்னால் மேட்டில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. மேடும் மரமுமாகச் சேர்த்து எங்களைவிட 35 மீட்டராவது உயரம். திரும்பும் உயரம் பழைய ஷூட்டில் வைத்த 30-லேயே இருந்தது. 55 என்று மாற்றினேன். சரிவின் பக்கத்திலிருந்து அது திரும்பும்போது கீழே தரை கிட்டே வந்துகொண்டேதான் இருக்கும், சட்ட உயரத்துக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆறேகால் ஆனது. முதல் பேட்டரி 23 டிகிரி. இரண்டு பக்கமும் கிளிக். கார்டை ட்ரோனிலேயே ஃபார்மேட் செய்தாயிற்று, வரைபடம் மறுபடி பச்சை. தலை உயரத்தில் ஒரு நிமிஷம். நான்கு செல்லும் 4.06, 4.06, 4.05, 4.06. எதிர் மலை விளிம்பு மஞ்சளாகத் தொடங்கியது, பெண் சால்வையை உதறிவிட்டு மேட்டில் போய் நின்றாள், பதினேழாவது நிமிஷம் ட்ரோன் 43 சதவீதத்தோடு என் காலடிக்கு வந்தது. இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதைச் செருகி ஏற்றி நிறுத்தினேன். 4.04, 4.05, 3.91, 4.04.

"அண்ணே, நூறு காட்டுதே" என்றான் தம்பி.

இறக்கி, கழற்றி, அதன் முதுகில் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். அவன் அதைக் கம்பளித் துண்டில் சுற்றப் போனான். சுற்ற வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை வந்து இன்னும் ஒரே ஒரு ஷாட், அந்தப் பனிக்கு மேலே, என்று கேட்டார். கீழே சாலையில் நின்று கையில் பிடிக்கும் கேமராவில் எடுத்துக் கொடுத்தோம்.